இணையத்தில் விமர்சனம் கிளம்பினால் யார் ‘சரி’ சொல்வது? சிறு குழுவுக்கான அனுமதி முறையும் பதில் கையேடும்

பெரிய கம்பெனிகளில் ஒரு பதிலுக்குப் பத்துப் பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதனால் தாமதமாகிறது. ஆறேழு பேர் வேலை பார்க்கும் இடத்திலும் அதே தாமதம் வருகிறது, ஆனால் காரணம் வேறு. அங்கே யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதே முடிவாகியிருக்காது. இன்ஸ்டாகிராம் பார்ப்பவர் உரிமையாளருக்காகக் காத்திருப்பார். உரிமையாளர் கல்யாண வீட்டில் இருப்பார். பார்த்தவுடன் பதறி, தன் சொந்தக் கணக்கிலிருந்தே ஏதோ எழுதிவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து கம்பெனி கணக்கிலிருந்து வேறு மாதிரி ஒரு பதில் வரும். பிறகு இரண்டு ஸ்க்ரீன்ஷாட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகிரப்படும்.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். அனுமதியை அமைதியான நாளிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும். வாக்கியம் வாக்கியமாக, எழுத்தில். பிரச்சினை வரும் நாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு மட்டுமே அனுமதி தேவைப்பட வேண்டும். இந்த வழிகாட்டி அதை எப்படித் தயாரிப்பது என்பதைப் பற்றியது.

பேச ஒரு உதாரணம் வேண்டும். கோயம்புத்தூரில் பாக்கெட் இட்லி மாவு விற்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். மொத்தம் ஏழு பேர். உரிமையாளர், உற்பத்தி மேற்பார்வையாளர், டெலிவரி பார்ப்பவர், கணக்குப் பார்ப்பவர், இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப் ஆர்டரும் பார்க்கும் ஒருவர், ஆட்டும் இடத்தில் இருவர். சனிக்கிழமை இரவு 7 மணிக்கு ஒரு வாடிக்கையாளர் ரீல் போடுகிறார். கிண்ணத்தில் ஊற்றிய மாவில் கறுப்பாக ஏதோ கிடக்கிறது. “இதைத்தான் என் குழந்தைக்குக் கொடுக்க இருந்தேன்” என்கிறார்.

படி 1: எந்த வாக்கியத்துக்கு யார் பொறுப்பு

பெரும்பாலான கையேடுகள் பிரச்சினையின் சூட்டை வைத்துப் பிரிக்கச் சொல்லும். எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு கோபம் என்று. சிறு குழுவுக்கு அது உதவாது. இரவு 7 மணிக்கு நாற்பது பேர் பார்த்த ரீலை 11 மணிக்கு நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கலாம். அதற்காக, நடுவில் அனுமதி கொடுப்பவரை மாற்றிக்கொண்டே இருக்க முடியாது.

அதைவிட நாம் சொல்லப்போகும் வாக்கியத்தை வைத்துப் பிரிப்பது நல்லது. ஒரு வாக்கியம் நம்மை எதில் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள். “உங்கள் வீடியோவைப் பார்த்தோம், பாக்கெட்டின் பேட்ச் எண்ணைச் சொல்லுங்கள்” என்பது எதிலும் கட்டிப்போடுவதில்லை. இதற்கு யாரையும் கேட்க வேண்டாம், இன்ஸ்டாகிராம் பார்ப்பவரே அனுப்பலாம். “பணத்தைத் திருப்பித் தருகிறோம்” என்பது ஒரு வாக்குறுதி. அறுபது ரூபாய் பாக்கெட்டுக்கு என்றால் அதையும் அவரே சொல்லலாம். ஆனால் எவ்வளவு வரை என்று ஒரு தொகையை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஐந்து வகை வாக்கியங்களுக்கு மட்டும் இரண்டு பேரின் சம்மதம் கட்டாயம் என்று வையுங்கள். நடந்ததற்குக் காரணம் சொல்லும் வாக்கியம். தவறு நம்முடையது அல்லது நம்முடையது அல்ல என்று சொல்லும் வாக்கியம். குறித்த தொகைக்கு மேல் பணம் தருவதாகச் சொல்லும் வாக்கியம். ஒரு ஊழியரையோ வாடிக்கையாளரையோ சப்ளையரையோ பற்றிய வாக்கியம். யாருடைய உடல்நலத்தையாவது தொடும் வாக்கியம். மாவு நிறுவனத்தில் அந்த இருவர் உரிமையாளரும் உற்பத்தி மேற்பார்வையாளரும். ஒருவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது, மற்றவருக்கு உண்மை தெரியும். இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தாலும் இன்னொருவர் பார்ப்பது நல்லது.

வக்கீல் நோட்டீஸ், போலீஸ், அவதூறு வழக்கு என்ற சொற்கள் வரும் எதுவும் அன்று இரவு வெளியே போகக் கூடாது. அனுமதி கொடுக்கவே முடியாத வாக்கியங்கள் என்று கையேட்டில் தனியாக ஒரு தலைப்புப் போட்டு இவற்றை எழுதிவிடுங்கள். “போட்டிக் கம்பெனி செய்த சதி” என்பதும் அதே பட்டியலில்தான்.

நான்காம் வகை எவ்வளவு சிக்கலானது என்பதற்கு எல்லோருக்கும் தெரிந்த ஒரு சம்பவம் இருக்கிறது. 2021 அக்டோபரில் தமிழ்நாட்டு வாடிக்கையாளர் ஒருவரிடம் சொமேட்டோவின் வாடிக்கையாளர் சேவை ஊழியர், இந்தி தேசிய மொழி, எல்லோருக்கும் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று சாட்டில் சொன்னார். ட்விட்டர் கொதித்தது. சொமேட்டோ தமிழிலும் ஆங்கிலத்திலும் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. தமிழில் எழுதியது சரியான முடிவு. ஆனால் அதே அறிக்கையில் அந்த ஊழியரை வேலையிலிருந்து நீக்கிவிட்டோம் என்றும் இருந்தது. சில மணி நேரத்தில் நிறுவனர் தீபிந்தர் கோயல் அவரை மீண்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று ட்வீட் செய்தார். உள்ளே என்ன நடந்தது என்பது வேறு விஷயம். வெளியே தெரிந்தது, ஒரே நாளில் ஒரே நிறுவனத்தின் இரண்டு முடிவுகள். மன்னிப்புக் கேட்கச் சொன்னவர்களும் கோபப்பட்டார்கள், நீக்கியதற்காக வருந்தியவர்களும் கோபப்பட்டார்கள். ஒருவருடைய வேலை சம்பந்தப்பட்ட முடிவை முதல் அறிக்கையில் வைக்கவே கூடாது. அது மறுநாளும் எடுக்கக்கூடிய முடிவு.

படி 2: ‘சரி’ எப்படிச் சொல்ல வேண்டும்

அனுமதிக்கென்று தனியாக ஒரு வாட்ஸ்அப் குழு வேண்டும். ஆர்டர், லீவு, காலை வணக்கம் எல்லாம் வரும் குழுவில் இதைச் செய்தால் வரைவு எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். தனிக் குழுவில் அனுப்புபவர், இரு அனுமதியாளர்கள், அவர்களுடைய மாற்று ஆட்கள் மட்டும் இருந்தால் போதும்.

வரைவு அனுப்பும்போது ஒரே செய்தியில் நான்கு விஷயம் இருக்க வேண்டும். எந்தப் பதிவுக்கான பதில், அதன் லிங்க். வெளியே போகப்போகும் வாசகம், அப்படியே முழுசாக. அதில் எந்த வரிக்கு அனுமதி வேண்டும். எத்தனை மணிக்குள். இப்படி:

```
வரைவு 2 – மாவு ரீல் – லிங்க்: ...
"பேட்ச் எண் கிடைத்தது. அந்த பேட்ச்சின் மீதிப்
பாக்கெட்டுகளைக் கடைகளிலிருந்து நிறுத்தி
வைத்திருக்கிறோம். நாளை காலை 11 மணிக்குள்
இங்கேயே தகவல் சொல்கிறோம்."
அனுமதி வேண்டிய வரி: இரண்டாவது
இரவு 8:20-க்குள்
```

இதற்குக் கட்டைவிரல் போட்டால் அனுமதி ஆகாது என்று விதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைப் பதினைந்து நிமிடம் வரை திருத்த முடியும். திருத்தினாலும் பழைய கட்டைவிரல் அப்படியே நிற்கும். அவர் பார்த்து ஒப்புக்கொண்ட வாசகம் ஒன்று, வெளியே போன வாசகம் இன்னொன்று என்று ஆகிவிடும். “வரைவு 2 சரி” என்று எண்ணோடு தட்டச்சு செய்து, அந்தச் செய்திக்கே ரிப்ளை ஆகப் போட வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் அது வரைவு 3, புதிய செய்தி. பழையதைத் திருத்தக் கூடாது.

இன்னொரு விதி கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம், ஆனால் நேரத்தை மிச்சப்படுத்துவதில் இதற்கு நிகர் வேறில்லை. அனுமதி கொடுப்பவர் நடையைத் திருத்தக் கூடாது. உண்மை தவறாக இருந்தால், வாக்குறுதி மிகையாக இருந்தால், யாரையாவது புண்படுத்தினால் திருத்தலாம். “வருந்துகிறோம்” வேண்டாம், “மிகவும் வருந்துகிறோம்” என்று போடு, தொடக்கத்தில் “அன்பார்ந்த” சேர் என்பதெல்லாம் கூடாது. நான் பார்த்த குழுக்களில் இரவுத் தாமதத்தில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது. உண்மையில் யாருக்கும் மாற்றுக் கருத்தே இருக்காது.

நேரக் கெடு தாண்டினால் என்ன செய்வது? பதினைந்து நிமிடத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை போன் செய்ய வேண்டும். எடுக்கவில்லையென்றால் மாற்று ஆளிடம் போக வேண்டும். மாற்று ஆளும் கிடைக்கவில்லையென்றால் இரண்டு கையெழுத்து தேவைப்படும் வரியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பலாம். மௌனம் சம்மதம் என்பது முன்பே ஒப்புக்கொண்ட வாக்கியங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். காரணம் சொல்லும் வரிக்கு மௌனம் சம்மதம் ஆகாது.

படி 3: முன்கூட்டியே எழுதி வைக்கும் வாக்கியங்கள்

எல்லாப் புகாருக்கும் பொருந்தும் ஒரு பதிலை எழுத முயற்சி செய்யாதீர்கள். அது யாருக்கும் பொருந்தாது. உங்கள் தொழிலில் திரும்பத் திரும்ப வரக்கூடியவற்றை எடுங்கள். கடந்த ஓராண்டு வாட்ஸ்அப் புகார்களையும் கூகுள் ரிவ்யூக்களையும் உட்கார்ந்து படித்தாலே தெரிந்துவிடும். மாவுக் கம்பெனிக்கு அது அநேகமாக இவ்வளவுதான்: மாவு புளித்துவிட்டது, பாக்கெட் உப்பிவிட்டது அல்லது கிழிந்துவிட்டது, மாவில் ஏதோ கிடக்கிறது, சாப்பிட்டு வயிற்றுக்கு ஆகவில்லை, டெலிவரி ஆள் மரியாதை இல்லாமல் பேசினார், விலையை ஏற்றிவிட்டார்கள். ஆறு நிலைமை, ஒவ்வொன்றுக்கும் ஒரு முதல் பதில்.

முதல் பதிலில் மூன்று விஷயம் போதும். பார்த்துவிட்டோம் என்பது, வாடிக்கையாளர் இப்போது செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம், அடுத்து எப்போது எங்கே பேசுவோம் என்பது. மாவில் ஏதோ கிடக்கிறது என்ற நிலைமைக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம். உங்கள் வீடியோவைப் பார்த்தோம். குழந்தைக்கு வாங்கிய மாவில் இப்படி ஒன்றைப் பார்த்தது எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று புரிகிறது. அந்த மாவை யாரும் சாப்பிட வேண்டாம். பாக்கெட்டையும் மீதி மாவையும் கொட்டாமல் ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள், நாங்களே வந்து வாங்கிக்கொள்கிறோம். பேட்ச் எண்ணும் பேக் செய்த தேதியும் தெரியும்படி ஒரு போட்டோவை மெசேஜில் அனுப்புங்கள். இன்று இரவு ____ மணிக்குள் இதே இடத்தில் அடுத்த தகவலைச் சொல்கிறோம்.”

ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளியே வைத்தால் மாவு பொங்கிக்கொண்டே இருக்கும், காலையில் அது சோதனைக்கு உதவாது. இப்படி உங்கள் பொருளுக்கே உரிய ஒரு வரி ஒவ்வொரு பதிலிலும் இருக்க வேண்டும். படிப்பவர்களுக்கு, இது எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய பதில் அல்ல என்று அந்த வரிதான் சொல்லும்.

சில வரிகள் கைக்குத் தானாக வந்துவிடும், அவற்றை வெட்டுங்கள். “ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்” என்பது ரயில் நிலைய அறிவிப்பு. புழு கிடந்த மாவுக்கு அது பொருந்தாது. “எங்கள் தரத்தில் ஒருபோதும் சமரசம் செய்வதில்லை” என்பதை அந்த வீடியோவுக்குக் கீழே படித்தால் கோபம்தான் வரும். “டி.எம். பண்ணுங்க” என்று மட்டும் போடுவதும் அப்படித்தான். போட்டோவை மெசேஜில் வாங்குவது சரி, ஆனால் பதிலின் சாரம் பொதுவெளியில் இருக்க வேண்டும். வீடியோவை நீக்கச் சொல்லிக் கேட்கவே கூடாது, இலவசப் பாக்கெட் தருகிறோம் என்று ஜாடையாகவும் கேட்கக் கூடாது. அந்த மெசேஜின் ஸ்க்ரீன்ஷாட்தான் அடுத்த பதிவாக வரும்.

மரியாதைச் சொல் பற்றியும் கையேட்டில் ஒரு வரி வேண்டும். கணக்கின் பெயரை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகித்து சார், மேடம் போடாதீர்கள், “நீங்கள்” போதும். சாதாரண நாளில் வாடிக்கையாளர்களை அக்கா, அண்ணா என்று அழைக்கும் கடையாக இருந்தாலும் புகாருக்கான பதிலில் அதைத் தவிர்ப்பது நல்லது. கோபத்தில் இருப்பவருக்கு அது குழைவது போலத் தெரியும். அவர் தங்கிலீஷில் எழுதியிருந்தாலும் எளிய தமிழில் பதில் சொல்லலாம். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் ஆங்கில வடிவமும் தயாராக இருக்க வேண்டும்.

எழுதி முடித்த வாக்கியங்களுக்கு உரிமையாளரிடம் மொத்தமாக ஒரே நாளில் அனுமதி வாங்கித் தேதி போடுங்கள். பிறகு வாட்ஸ்அப் பிசினஸில் க்விக் ரிப்ளையாகச் சேமித்துவிடலாம். சாய்கோடு போட்டுக் குறுஞ்சொல்லை அடித்தால் முழு வாசகமும் வரும். இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கிலும் மெசேஜுக்கு இதே வசதி இருக்கிறது. மெசேஜில் மட்டும்தான் இது ஆகும். ரீலுக்குக் கீழே கமெண்ட்டாகப் போடுவதைக் கையால்தான் எழுத வேண்டும், அதுவும் நல்லதுதான். ஒரே வாசகத்தை அறுபது கமெண்ட்டுக்குக் கீழே ஒட்டினால் ரோபோ பேசுவது போலிருக்கும், இன்ஸ்டாகிராமும் ஸ்பாம் என்று தடுத்துவிடக்கூடும். ரீல் போட்டவருக்கு ஒரு முழுப் பதில் போதும். மற்றவர்களில் கேள்வி கேட்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக, வேறு வேறு சொற்களில்.

படி 4: தெரிந்ததை எழுதும் தாள்

ஒரு கூகுள் ஷீட், நான்கு பத்தி. தகவல் என்ன, யார் சொன்னார், அவர் கண்ணால் பார்த்தாரா அல்லது கேள்விப்பட்டாரா, எத்தனை மணிக்கு. வெளியே போகும் எந்த உண்மைத் தகவலும் இதில் ஒரு வரியாக இருந்தே ஆக வேண்டும். மூன்றாவது பத்திதான் முக்கியம். “அந்த பேட்ச்சில் நூற்று நாற்பது பாக்கெட் மிச்சம்” என்று டெலிவரி பார்ப்பவர் போனில் சொன்னால் அது கேள்விப்பட்டது. கடைக்காரர் அடுக்கை எண்ணிப் போட்டோ அனுப்பினால் அது கண்ணால் பார்த்தது. கேள்விப்பட்ட எதையும் எண்ணோடு வெளியே சொல்லக் கூடாது.

இதே தாளில் வாடிக்கையாளரின் போன் நம்பர், முகவரியைப் போடாதீர்கள். அதற்கு வேறு இடம். பதில் எழுதும் அவசரத்தில் “நீங்கள் 14-ஆம் தேதி ராமநாதபுரத்தில் வாங்கியது” என்று பொதுவெளியில் போட்டுவிடும் ஆபத்து நிஜமானது.

அந்த சனிக்கிழமை இரவு

இப்போது நம் மாவுக் கம்பெனிக்கு வருவோம். 7 மணிக்கு ரீல், 7:25-க்கு ஒரு பழைய வாடிக்கையாளர் லிங்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்ஸ்டாகிராம் பார்ப்பவர் முதலில் பதில் எழுதவில்லை. மெட்டா பிசினஸ் ஸூட்டைத் திறந்து, 8 மணிக்கு வரவிருந்த “பஞ்சு போல இட்லி” பதிவை நிறுத்துகிறார், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தையும் நிறுத்துகிறார். கையேட்டில் முதல் வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. மறந்துவிட்டால், புகார் ரீலுக்கு ஒரு மணி நேரம் கழித்து சிரிக்கும் குடும்பப் படம் வெளியாகும். அதன் கீழேதான் எல்லோரும் வந்து எழுதுவார்கள்.

7:35-க்கு முதல் பதில் போகிறது. முன்பே அனுமதி பெற்ற வாசகம், நிரப்பியது ஒரே ஒரு கோடிட்ட இடம்: 9:30 மணி. ரீலின் ஸ்க்ரீன் ரெக்கார்டிங்கும் எடுத்து வைக்கிறார்.

7:50-க்கு உரிமையாளர் குழுவில் வருகிறார். கல்யாண வீட்டில் பந்தியிலிருந்து எழுந்து வந்திருக்கிறார். அவர் எழுதுவது: “அது உளுந்துத் தோல்தான். தோல் உளுந்து போடும் எல்லோருக்கும் வரும். உளுந்துத் தோல்னு சொல்லிடு.” இந்த இடத்தில்தான் முறை இருக்கிறதா இல்லையா என்று தெரியும். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். உளுந்தைக் கழுவும்போது போகாமல் தங்கிய தோல் மாவில் கறுப்புத் துகளாகத் தெரிவது சகஜம். ஆனால் அது காரணம் சொல்லும் வாக்கியம், இரண்டு சம்மதம் வேண்டும். மேற்பார்வையாளர் குழுவிலேயே பதில் எழுதுகிறார்: “நேரில் பார்க்காமல் என்னால் சரி சொல்ல முடியாது சார். இந்த வாரம் ஆட்டியது வெள்ளை உளுந்து.” உரிமையாளர் விட்டுக்கொடுக்கிறார். முதலாளியிடம் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஊழியருக்குத் துணிச்சலை மட்டும் நம்பி இருக்க முடியாது. அமைதியான நாளில் உரிமையாளரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாள் இருந்தால்தான் இது நடக்கும்.

8:10-க்குப் பேட்ச் எண் போட்டோ வருகிறது. வெள்ளிக்கிழமை பேக் செய்தது. டெலிவரி பார்ப்பவர் கடைகளுக்குப் போன் செய்து அந்த பேட்ச்சைத் தட்டிலிருந்து எடுத்து வைக்கச் சொல்கிறார். இதற்கும் யாரையும் கேட்க வேண்டாம் என்று கையேட்டில் இருக்கிறது. ஒரு பேட்ச் விற்பனையை ஒரு இரவு நிறுத்தினால் வரும் நஷ்டம் கணக்குப் போட்டு ஒப்புக்கொள்ளப்பட்டது. எடுத்து வைத்ததற்கு எல்லாக் கடையிலிருந்தும் போட்டோ வந்த பிறகுதான் “நிறுத்தி வைத்திருக்கிறோம்” என்ற வரி வெளியே போகலாம். 9:20-க்குப் போகிறது. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால்.

9:45-க்கு ஒரு கமெண்ட் வருகிறது: “என் பையனுக்கும் நேத்து இந்த மாவு சாப்பிட்டு வாந்தி.” உடல்நலம் வந்துவிட்டது. இங்கே பதில் உடனே மாற வேண்டும். பேட்ச் எண் கேட்பதெல்லாம் பிறகு. முதலில், பையன் இப்போது எப்படி இருக்கிறான், டாக்டரைப் பார்த்தீர்களா, பார்க்கவில்லையென்றால் உடனே காட்டுங்கள், எங்கள் உரிமையாளரே இப்போது உங்களிடம் பேசுவார் என்ற வரிகள். இதுவும் முன்பே எழுதி, இருவரும் ஒப்புக்கொண்டு வைத்த வாசகம்தான். “எங்கள் மாவால் இருக்காது” என்றும் சொல்லக் கூடாது, “எங்கள் மாவால்தான்” என்றும் சொல்லக் கூடாது. மருத்துவர் சொல்லாமல் நமக்கு இரண்டுமே தெரியாது. போனில் பேசுவது உரிமையாளரின் வேலை, வேறு யாருக்கும் அதை ஒப்படைக்க முடியாது.

ஞாயிறு காலை மேற்பார்வையாளர் அந்த வீட்டுக்குப் போய்ப் பாக்கெட்டை வாங்கி வருகிறார். வாங்கும்போது வாடிக்கையாளர் முன்னாலேயே போட்டோ எடுத்து, உறையில் போட்டு ஒட்டி, இருவரும் தேதி எழுதுகிறார்கள். மாவில் பாதியை வாடிக்கையாளரிடமே விட்டுவிடுவது நல்லது. ஆதாரத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது. கம்பெனியில் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் ஒரு பாக்கெட்டை எடுத்துக் குளிரில் வைத்திருப்பார்கள், அதையும் வெளியே எடுக்கிறார்கள். இரண்டையும் தண்ணீர் விட்டுக் கரைத்து சல்லடையில் ஊற்றுகிறார்கள். கம்பெனிப் பாக்கெட்டில் ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் பாக்கெட்டில் இருந்தது உளுந்துத் தோல் இல்லை, ஒரு வண்டு. நேற்று இரவு உரிமையாளர் சொன்ன வரி வெளியே போயிருந்தால் இப்போது அதைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.

வண்டு அரிசியில் வந்ததா, பேக்கிங்கில் விழுந்ததா, வீட்டில் பாக்கெட்டைப் பிரித்த பிறகு விழுந்ததா? பிரித்த ஒரு பாக்கெட்டை வைத்துக்கொண்டு இதை நிரூபிக்க முடியாது. அதனால் 11 மணி அறிக்கையில் “வீட்டில் விழுந்திருக்கலாம்” என்ற வார்த்தையே வரக் கூடாது. உண்மையாக இருந்தாலும் வாடிக்கையாளரைக் குற்றம் சொல்வது போலாகும். இருவரும் ‘சரி’ சொன்ன வாசகம் இது:

“நேற்று சொன்னபடி பாக்கெட்டை வாங்கி இன்று காலை சோதித்தோம். அதில் இருந்தது ஒரு வண்டு. அதே பேட்ச்சில் நாங்கள் எடுத்து வைத்திருந்த பாக்கெட்டில் எதுவும் இல்லை. அது எப்படி வந்தது என்று இன்னும் எங்களுக்குத் தெரியவில்லை. கடைகளில் மீதமிருந்த பாக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துவிட்டோம், அந்த மாவை விற்க மாட்டோம். வெள்ளிக்கிழமை பேக் செய்த பாக்கெட் உங்களிடம் இருந்தால் பயன்படுத்த வேண்டாம், பிரித்திருந்தாலும் பணம் தருகிறோம். அரிசி மூட்டைகளையும் பேக்கிங் இடத்தையும் பார்த்துவிட்டு புதன்கிழமை மாலை இங்கே எழுதுகிறோம். இந்த மாவைக் குழந்தைக்குக் கொடுக்க இருந்த உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம்.”

இதைத் தனிப் பதிவாகப் போட்டு ப்ரொஃபைலின் மேலே பின் செய்துவிட வேண்டும். ரீலின் கீழே சுருக்கமும், பதிவைப் பார்க்கச் சொல்லும் ஒரு வரியும். புதன்கிழமை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை என்றாலும் எழுத வேண்டும். எங்கெல்லாம் பார்த்தோம், கண்டுபிடிக்க முடியவில்லை, இனி என்ன மாற்றம் செய்கிறோம் என்று.

அரசு அலுவலகம் நுழையும்போது

வாடிக்கையாளர் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் கொடுத்தாலோ, அதிகாரி மாதிரி எடுக்க வந்தாலோ அந்த நிமிடத்திலிருந்து வெளியே போகும் எல்லா வரிக்கும் இரண்டு சம்மதம் வேண்டும், முடிந்தால் வக்கீலும் பார்க்க வேண்டும். பாக்கெட்டில் அச்சடித்த 14 இலக்க உரிம எண், பேட்ச் பதிவேடு, அரிசி உளுந்து வாங்கிய பில் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும். கடையிலிருந்து பொருளைத் திரும்பப் பெறுவதற்கு 2017-இல் வந்த தனி விதிமுறை இருக்கிறது. அதன்படி யாருக்கு, எந்தப் படிவத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதை உங்கள் உரிமம் எந்த வகை என்று பார்த்து முன்பே கேட்டு எழுதி வையுங்கள். “அதிகாரிகள் சோதித்து நன்றாக இருக்கிறது என்றார்கள்” என்று அவர்கள் எழுத்தில் தராத எதையும் போடாதீர்கள்.

பார்த்தால் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறுகள்

கமெண்ட்டை நீக்குவதற்கு ஒரு கோடு வேண்டும். ஆபாசம், சாதி மத வசவு, ஒருவரின் போன் நம்பர் இருந்தால் நீக்கலாம். கடுமையாகத் திட்டினால், பொய் என்று நமக்குத் தோன்றினால் நீக்கக் கூடாது, பதில் சொல்லலாம். நீக்கியதைத் தாளில் காரணத்தோடு பதிய வேண்டும். ஊழியர்களின் சொந்தக்காரர்கள் வந்து “நாங்க பத்து வருஷமா வாங்குறோம், சூப்பர் மாவு” என்று எழுதத் தொடங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ப்ரொஃபைலைத் தட்டினால் யாருடைய மச்சான் என்று தெரிந்துவிடும். கூகுள் ரிவ்யூவில் ஒரு விமர்சனத்துக்கு ஒரு பதில்தான், ஆனால் அதைப் பிறகு திருத்தலாம். அதனால் முதல் நாள் போட்ட பதிலைச் சோதனை முடிந்ததும் புதுப்பிக்க ஒருவர் பெயரைக் குறித்து வையுங்கள். சோதனை நடக்கிறது என்ற பதில் ஆறு மாதமாக அப்படியே நிற்கும் கடைகள் ஏராளம்.

முன்பு சொன்னது தவறு என்று தெரிந்தால் பழைய பதிவைச் சத்தமில்லாமல் மாற்றக் கூடாது. “நேற்று பன்னிரண்டு கடை என்று சொன்னோம், பதினான்கு கடை” என்று புதிய வரியாக எழுத வேண்டும். இந்தத் திருத்தத்துக்கும் வரைவு எண் உண்டு.

ஒத்திகை

கையேடு நான்கு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் திறக்க மாட்டார்கள். முதல் பக்கத்தில் போன் நம்பர்களும், நிறுத்த வேண்டியவையும், இரண்டு சம்மதம் வேண்டிய ஐந்து வகையும் இருக்கட்டும். மீதிப் பக்கங்களில் வாசகங்கள். இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டும் ஓ.டி.பி. வரும் போனும் யாரிடம் என்பதும் முதல் பக்கத்தில் வேண்டும். பாஸ்வேர்டை அல்ல, அது யாரிடம் இருக்கிறது என்பதை. ஓ.டி.பி. வேலையை விட்டுப் போனவரின் நம்பருக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொல்லாமல், சனி இரவோ ஞாயிறு மதியமோ ஒத்திகை பாருங்கள். கற்பனைப் புகார் ஒன்றை அனுமதிக் குழுவில் போட்டு, மேலே “ஒத்திகை” என்று எழுதுங்கள். முதல் பதில் தயாரான நேரம், முதல் அனுமதி வந்த நேரம், இரண்டாவது அனுமதி வந்த நேரம் மூன்றையும் குறியுங்கள். முதல் பதில் தாமதமானால் வாசகத்தில் கோடிட்ட இடங்கள் அதிகமாக இருக்கின்றன என்று அர்த்தம், குறையுங்கள். அனுமதி தாமதமானால் அந்த ஆள் வாரக் கடைசியில் கிடைப்பதில்லை என்று அர்த்தம், மாற்று ஆளை முதல் ஆளாக்குங்கள். இரண்டாவது அனுமதி மட்டும் இழுத்தால் வரைவுகளை எடுத்துப் பாருங்கள். வரைவு 2-க்கும் வரைவு 5-க்கும் நடுவில் மாறியது உண்மையா, நடையா என்று. நடைதான் என்றால் யார் திருத்தினார் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள், அது உரிமையாளராகவே இருந்தாலும்.